பத்து மில்லிகிராமின் எல்லை

காசநோய்க்கு மருந்து உண்ணும் ஒருவரின் கையில் நாள்தோறும் விழும் மாத்திரைகளுள் மிகச் சிறியது பைரிடாக்சின். உயிர்ச்சத்து பி6 என்பது அதன் மறுபெயர். மற்ற மாத்திரைகளைப் பற்றிச் செவிலியர் சொல்வார், மருத்துவர் சொல்வார், அட்டையிலும் எழுதியிருக்கும். இந்தச் சிறு மாத்திரையைப் பற்றி மட்டும் எவரும் விரித்துரைப்பதில்லை. ‘சத்து மாத்திரை’ என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வாறு சொல்லப்பட்டதனாலேயே இருவகைத் தீங்கு நேர்கிறது. இருப்பு இல்லாதபோது, சத்துதானே என்று அது விடுபட்டுப் போகிறது. கால் எரியும்போது, சத்துதானே என்று அளவின்றி உட்கொள்ளப்படுகிறது. இரண்டு தவறுகளும் ஒரே இடத்தில், நோயாளியின் உள்ளங்காலில், ஒரே வகை வேதனையாக வெளிப்படுகின்றன. குறைவினால் வந்த எரிச்சலையும் மிகுதியினால் வந்த எரிச்சலையும் நோயாளியால் பிரித்தறிய இயலாது. கவனிக்கத் தவறினால் மருத்துவராலும் இயலாது.

பைரிடாக்சின் தேவைப்படுவதற்குக் காசநோய் தானே முழுக் காரணமன்று. அதற்குத் தரும் ஐசோனியாசிட் என்ற மருந்தே முதன்மைக் காரணம். 1912-இல் பிராகு நகரில் வேதியியல் ஆய்வாக மட்டும் உருவாக்கப்பட்ட இச்சேர்மம், நாற்பது ஆண்டுகள் கழித்து, 1952-இல்தான் காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உடையதென அறியப்பட்டது. மலிவும் வீரியமும் ஒருங்கே வாய்ந்த அம்மருந்து இன்றும் சிகிச்சையின் தூணாக நிற்கிறது. ஆனால் அது பயன்பாட்டுக்கு வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே, மருந்துண்டவர்களுள் சிலருக்குக் கால்விரல்களில் மதமதப்பும் உள்ளங்காலில் எரிச்சலும் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டனர். அவர்களின் சிறுநீரை ஆராய்ந்தபோது பி6 மிகுதியாக வெளியேறுவது புலனாயிற்று.

நிகழ்வது இதுதான். ஐசோனியாசிட் மூலக்கூற்றின் ஒரு முனை, உடலிலுள்ள பி6-ஐப் பற்றிப் பிணைந்து ஹைட்ரசோன் என்னும் புதுச் சேர்மமாகிறது. அச்சேர்மம் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. இழப்பு அத்துடன் நிற்பதில்லை. உணவிலிருந்து கிடைக்கும் பி6 அப்படியே பயன்படாது. ஒரு நொதி அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த நொதியையும் இந்த ஹைட்ரசோன் முடக்குகிறது. ஆக, இருப்பும் கரைகிறது, எஞ்சியதைப் பயன்படுத்தும் வழியும் அடைபடுகிறது. செயல்வடிவ பி6-ஐத் துணையாகக் கொண்டு இயங்கும் நொதிகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. நரம்புகளின் பேணுதலும் மூளையில் சில செய்திக் கடத்திகளின் ஆக்கமும் அவற்றைச் சார்ந்தவை. உடலிலேயே மிக நீண்டவை கால் நரம்புகள். பேணுதல் குன்றும்போது முதலில் நலிவது அவற்றின் நுனி. அதனால்தான் வேதனை உள்ளங்காலில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது.

ஒரே அளவு ஐசோனியாசிட் உண்ட எல்லாருக்கும் இது நேர்வதில்லை. காரணத்தைத் தெளிவுறக் காட்டியவற்றுள் முதன்மையானது நம் சென்னையில் நடந்த ஆய்வு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. நோயாளியை மருத்துவ விடுதியில் மாதக்கணக்கில் கிடத்த வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்த பெருமை அம்மையத்துக்கு உண்டு. அதே மையத்து ஆய்வாளர்கள் 1960-இல் ஐசோனியாசிட்டால் வரும் நரம்பழற்சியைப் பற்றி விரிவாக எழுதினர். மருந்தளவு கூடக்கூட நரம்பழற்சியும் கூடுவதையும், மருந்தை மெதுவாகச் செயலிழக்கச் செய்யும் உடல்வாகு உடையவர்களையே அது மிகுதியும் தாக்குவதையும் அவர்கள் கண்டனர்.

கல்லீரலிலுள்ள ஒரு நொதி ஐசோனியாசிட்டைச் சிதைக்கிறது. அந்நொதி சிலருக்குப் பிறவியிலேயே விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். மெதுவாகச் சிதைப்பவர் உடலில் மருந்து நெடுநேரம் தங்கும். பி6-ஐ அள்ளிக்கொண்டு போவதும் நெடுநேரம் தொடரும். தென்னிந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கு மேலோ இந்த மெதுவகையினர். முகத்தைப் பார்த்து இதை அறிய முடியாது. சிற்றூர் நலவாழ்வு நிலையத்தில் இதற்கெனச் சோதனையும் இல்லை. ஆகவே நம் மண்ணில் இம்மாத்திரையைத் தவிர்ப்பதற்கு எவரேனும் காரணம் தேடினால், அவர் நோயாளியின் பிறவி அமைப்பை வைத்துச் சூதாடுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

1963-இல் அதே மையம் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இத்தலையங்கத்தின் உயிர்நிலை. இன்று தரும் அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான ஐசோனியாசிட் கொடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு, நாளொன்றுக்கு வெறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்தனர். அவ்வளவே நரம்பழற்சியைத் தடுக்கப் போதுமானதாயிற்று. அந்நோயாளிகள் சென்னையின் ஏழைகள், ஊட்டம் குன்றியவர்கள். அத்தகைய உடல்களிலேயே, அத்தனை மருந்தின் கீழேயே, 6 மில்லிகிராம் போதுமாயிற்று என்றால், இன்று தடுப்புக்காக நாம் ஏற்றிருக்கும் 10 மில்லிகிராம் தாராளமான அளவு. அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் நகரத்திலேயே உறுதிசெய்யப்பட்ட இவ்வுண்மை, நம் நகரத்து மருந்துக்கடைகளிலேயே மறக்கப்பட்டுக் கிடக்கிறது என்பதுதான் வருத்தத்திற்குரியது.

கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், நீரிழிவு உடையோர், மது அருந்துவோர், எச்.ஐ.வி. தொற்று உடையோர், சிறுநீரகமோ கல்லீரலோ நலிந்தோர், ஊட்டம் குன்றியோர் ஆகியோர்க்கு இம்மாத்திரை கட்டாயம். நம் நாட்டுக் காசநோயாளிகளுள் இப்பட்டியலுக்கு வெளியே நிற்பவர் எத்தனை பேர்? உடல் எடை தேய்ந்து வருவதே இந்நோயின் இயல்பு. அதனால் ஐசோனியாசிட் உண்ணும் ஒவ்வொருவர்க்கும் 10 மில்லிகிராம் கொடுப்பதே நேர்மையான வழி. இதில் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அரசுத் திட்டத்தில் தரப்படும் கூட்டு மாத்திரையில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பைரிடாக்சின் அதில் இல்லை. அது தனியாக வர வேண்டும், தனியாக எடுத்துக் கொடுக்கப்பட வேண்டும். தனியாக வருவது தனியாகவே விடுபடவும் கூடும்.

விடுபட்டால் நிகழ்வதையும், பின்னர் அத்தவறு எதிர்த்தவறாக மாறுவதையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். இவர் கற்பனை மனிதர்; ஆனால் இவருடைய வரலாற்றின் ஒவ்வொரு படியும் எந்த மாவட்டத்திலும் நேரக்கூடியது. கொத்து வேலை செய்பவர். வயது 46, எடை 44 கிலோ. காசநோய் உறுதியானபோது நீரிழிவும் உடன் தெரியவந்தது. மாலையில் மது அருந்தும் பழக்கமும் உண்டு. எடைக்கேற்ப நாளுக்கு மூன்று கூட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75 மில்லிகிராம், மூன்றிலும் 225. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்குக்கு அது சரியான அளவே. பைரிடாக்சின் அவ்வமயம் இருப்பில் இல்லை. மறுமுறை வரும்போது தருவதாகச் சொன்னார்கள். மறுமுறை எவர்க்கும் அது நினைவில் இல்லை.

மூன்றாம் மாதத்தில் இரவுகளில் உள்ளங்கால் எரியத் தொடங்கியது. போர்வை பட்டாலும் தாங்க முடியவில்லை. அவர் அதை நீரிழிவின் குற்றம் என்று எண்ணிப் பொறுத்தார். ஒருநாள் மருத்துவர் கணுக்காலின் பின்புறம் சுத்தியால் தட்டிப் பார்த்தார். அனிச்சைத் துடிப்பு இல்லை. இசைக்கவையை அதிரச் செய்து கால் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை என்றார் நோயாளி. மருத்துவர் பைரிடாக்சின் 100 மில்லிகிராம் எழுதினார். அது பிழையன்று. வந்துவிட்ட நரம்பழற்சியை மாற்றத் தடுப்பளவு போதாது. சில வாரங்களுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை தேவைப்படும். எரிச்சல் படிப்படியாகத் தணிந்தது. அத்தருணத்தில் அளவைக் குறைத்துத் தடுப்பளவுக்குக் கொண்டுவந்து, ஐசோனியாசிட் முடியும் நாளில் இதையும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சீட்டில் ‘தொடரவும்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. எதுவரை என்று இல்லை.

ஆறு மாதத்தில் காசநோய் குணமாயிற்று, அட்டை மூடப்பட்டது. அவர் சீட்டை மூடவில்லை. கால் முழுதும் சரியாகவில்லையே என்று கடையில் அதே மாத்திரையைத் தாமே வாங்கினார். ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது என்று காலையும் மாலையும் உண்டார். கடைக்காரர் பரிந்துரைத்த ‘நரம்புக் குளிகை’யும் சேர்ந்தது, அதனுள்ளும் பி6 உண்டு என்பது அவருக்குத் தெரியாது. நலமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய பி6 ஏறத்தாழ 2 மில்லிகிராம். அவர் உண்டது 200-க்கும் மேல். நூறு மடங்கு. ஓராண்டுக்கும் மேலாக.

இப்போது எரிச்சலை விட மதமதப்பே மிகுந்தது. பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்தார். விரல் நுனிகளும் மரத்துக் கரண்டியின் பிடி நழுவிற்று. குளிக்கும்போது முகத்தில் சோப்பிட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடி விழப்போனார். ‘நரம்பு இன்னும் தளர்ந்துவிட்டது’ என்று கருதிய ஒருவர் பி6 கலந்த ஊசியையும் சேர்த்தார். தீயை அணைக்க வேண்டியவரே அதை வளர்த்தார்.

மிகுதியான பி6 நரம்பைக் கெடுக்கும் என்பது புதுச் செய்தியன்று. 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நாள்தோறும் 2 முதல் 6 கிராம் வரை மாதக்கணக்கில் உண்ட அவர்களுக்கு நடை தள்ளாடிற்று, கைகள் பயன் இழந்தன. கிராம் கணக்கில் உண்டால்தானே என்று அப்போது பலர் ஆறுதல் கொண்டனர். இரண்டே ஆண்டுகளில் வந்த மற்றோர் அறிக்கை அந்த ஆறுதலைக் குலைத்தது. நாளுக்கு 200 மில்லிகிராம் உண்டவர்க்கும் அதே நோய் நேர்ந்திருந்தது. அளவு குறைந்தால், தீங்கு வெளிப்பட எடுக்கும் காலம் நீள்கிறது, அவ்வளவே. அமெரிக்காவில் 1998-இல் பெரியவர்க்கான மேல் எல்லையை 100 மில்லிகிராம் என வகுத்தனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தன் எல்லையை 12 மில்லிகிராமாகவே சுருக்கியது. இவை நலமுள்ளோர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உண்பதற்கான எல்லைகள். குறித்த காலத்துக்கு மருத்துவர் கண்காணிப்பில் தரும் சிகிச்சை அளவை இவற்றால் அளக்கக் கூடாது. ஆனால் சீட்டின்றி, முடிவு நாளின்றி உண்பவர்க்கு இவையே அளவுகோல்.

குறைந்தாலும் மிகுந்தாலும் ஏன் ஒரே துன்பம்? முதுகெலும்பின் இருபுறமும், தடுப்பரண் வலுவாக இல்லாத முடிச்சுகளில், உணர்வு நரம்புகளின் தாய்ச்செல்கள் இருக்கின்றன. அளவு மீறிய பைரிடாக்சின் அவற்றைத் தாக்குகிறது. மாத்திரையிலுள்ள வடிவம் செயல்படாத வடிவம். அது பெருகும்போது, செயல்வடிவம் அமர வேண்டிய இடங்களைத் தானே பிடித்துக்கொண்டு குறைபாட்டையே உண்டாக்குகிறது என்பது ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கம். முழு உண்மை அதுவே என்று இன்னும் முடிவாகவில்லை; எனினும் குறைவுக்கும் மிகுதிக்கும் முகம் ஒன்றாயிருப்பதை அது பொருத்தமாக உணர்த்துகிறது.

இரண்டையும் பிரித்தறியும் வழி இல்லாமலில்லை. முதற்கேள்வி காலத்தைப் பற்றியது. ஐசோனியாசிட் நிறுத்தி ஓராண்டான பின் கால் மேலும் மரத்துப் போகிறதென்றால் ஐசோனியாசிட்டைக் குற்றம் சொல்ல இயலாது. நம் கொத்தனாரின் கதையில் எவரும் கேட்காமல் விட்ட முதற்கேள்வி இதுவே. அடுத்தது எண்ணிக்கை. வீட்டிலுள்ள எல்லாக் குப்பிகளையும் அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உள்ள பி6-ஐக் கூட்ட வேண்டும். குளிகையின் அட்டையில் அது ‘பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு’ என்று நுண்ணெழுத்தில் இருக்கும். பிறகு உடற்சோதனை. மிகுதியால் வந்த கேட்டில் தசையின் வலு பெரும்பாலும் குன்றாது. அதிர்வுணர்வும், கால் எங்கிருக்கிறது என்ற உணர்வும் அழியும். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் தள்ளாடுவார். நீரிழிவும் இவற்றை ஒத்த குறிகளைத் தரும் என்பதால் ஐயம் எஞ்சும். இரத்தத்தில் பி6-இன் அளவைச் சோதித்தால் ஐயம் பெரிதும் நீங்கும். சோதனை கிட்டாத ஊரில், மாத்திரையை நிறுத்திக் காத்திருந்து பார்ப்பதே சோதனை.

பெருமளவு எப்போதுமே கேடு என்று இதைப் படிப்பவர் கொள்ளலாகாது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு சைக்ளோசெரின் தரும்போது, அதுவும் பி6-ஐக் குலைப்பதால், நாளுக்கு 100 மில்லிகிராம் வரை தருவது முறை; மாதந்தோறும் மருத்துவர் பார்ப்பதும் அம்முறையின் பகுதியே. எவரேனும் ஐசோனியாசிட் மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டால் அடங்காத வலிப்பு வரும். அப்போது விழுங்கிய கிராமுக்கு ஈடான கிராம் பைரிடாக்சினைச் சிரை வழியே செலுத்துவதுதான் உயிர்காக்கும் மருந்து. ஒருமுறை தரும் 5 கிராம் உயிரை மீட்கலாம். நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் உண்ணும் 200 மில்லிகிராம் நடையைப் பறிக்கலாம். மறுபுறம், லினசோலிட் என்னும் மருந்தால் வரும் நரம்புக்கேட்டின் காரணம் வேறு. அதனைப் பைரிடாக்சின் தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அங்கே கால் எரிந்தால் லினசோலிட்டின் அளவைப் பற்றி உடனே முடிவெடுக்க வேண்டும். பி6-ஐக் கூட்டிக்கொண்டு வாரங்களைக் கடத்தினால் மீளாத கேடு வந்து சேரும்.

அரசிடம் நாம் கேட்பவை சிலவே. கூட்டு மாத்திரை எந்தப் பெட்டியில் செல்கிறதோ அதே பெட்டியில் 10 மில்லிகிராம் பைரிடாக்சினும் செல்ல வேண்டும். இருப்புக் கணக்கில் ஒன்று தீர்ந்தால் மற்றொன்றும் தீர்ந்ததாகக் கொள்ளும் முறை வேண்டும். பத்து மில்லிகிராம் கிட்டாத இடத்தில்தான் 50-உம் 100-உம் தடுப்பு மருந்தாக எழுதப்படுகின்றன. சிறுமாத்திரையின் பஞ்சம்தான் பெருமாத்திரையின் முறைகேட்டுக்கு வாயில் திறக்கிறது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கணுக்கால் அனிச்சையையும் பெருவிரல் அதிர்வுணர்வையும் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். முன்னிலை தெரியாமல் பின்னர் வந்த கேட்டை அளப்பது எப்படி? சிகிச்சை முடியும் நாளில், ‘பைரிடாக்சின் நிறுத்தப்பட்டது’ என்று தனிவரி எழுதி நோயாளியிடம் வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும். நரம்புக் குளிகை விற்போர், அதிலுள்ள பி6-இன் அளவை அட்டையின் முகப்பில் தமிழில் அச்சிட வேண்டும்.

மிகுதியால் துன்புறுவோர்க்கு மாத்திரையை நிறுத்தும்போது ஒன்றை மறவாமல் சொல்லியாக வேண்டும். நிறுத்திய பின் இரண்டு மூன்று வாரங்களுக்கு மதமதப்பு குறையாது; சிலருக்கு மேலும் கூடவும் செய்யும். நிறுத்தியதால்தான் கூடியது என்று எண்ணி அவர்கள் மீண்டும் கடைக்குச் செல்வார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் செல்லமாட்டார்கள். அதன்பின் மாதக்கணக்கில் மெல்ல உணர்வு திரும்பும். நெடுநாள் பேரளவில் உண்டவர்க்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். அதுவரை இரவில் விளக்கின்றி நடக்கக் கூடாது, வெறுங்காலோடு வேலைக்குச் செல்லக் கூடாது, சாரத்தில் ஏறக் கூடாது.